குழந்தை பேசிவிட்டாள், பேச வைத்தது எது?

பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக வாய் திறக்காத ஒரு பெண் குழந்தை, எந்தக் கலர் க்ரேயான் வேண்டும் என்று மிஸ் கேட்டதற்கு ஒரு நாள் "பச்சை" என்று சொல்லிவிடுகிறாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருக்கும். நாக்கில் வசம்பு உரசித் தடவியதன் பலன் என்பார் பாட்டி. குலதெய்வம் கண் திறந்துவிட்டது என்பார் அம்மா. வயசு ஏறினால் தானே சரியாகும் என்று முன்பே சொன்னேனே என்பார் அப்பா. மூன்று மாதமாகப் பயிற்சி கொடுத்துவந்த உளவியலாளர், அது தன் பயிற்சியின் பலன் என்று நம்புவார்.

நால்வரில் யார் சொல்வது சரி என்று அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. உளவியலாளர் சொல்வதற்கும் மற்ற மூவர் சொல்வதற்கும் அந்தக் கட்டத்தில் ஆதார பலம் ஒன்றுதான். ஆனால் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால், ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டே நம்பத் தகுந்த விடையைப் பெற்றிருக்கலாம். அந்தத் திட்டத்தை எப்படிப் போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற குழந்தை, பள்ளி, கடை, உறவினர் வீடு போன்ற இடங்களில் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் உறைந்துபோவதை 'செலக்டிவ் மியூட்டிசம்' என்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. நூறு குழந்தைகளில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை, பயப்படுகிறாள். யாரோ கேள்வி கேட்கிறார்கள், அவளுக்குத் தொண்டை அடைக்கிறது, பக்கத்திலிருக்கும் அம்மாவோ தோழியோ அவளுக்காகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். பயம் உடனே தணிகிறது. பேசாமல் இருந்தால் பயம் போய்விடும் என்று அவள் உடம்பு ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது. நடத்தைப் பயிற்சி உடைக்கப் பார்ப்பது இந்தச் சுற்றைத்தான்.

இவ்வளவு அரிதான பிரச்சினைக்கு நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் திரட்டி இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதிப்பது பெரும்பாடு. நார்வேயில் நடந்து 2014-ல் வெளிவந்த ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுகிற ஒன்று. அதிலேயே இருந்தவர்கள் 24 குழந்தைகள்தான். அதனால் ஒரு குழந்தையையே திரும்பத் திரும்ப அளந்து, அவளை அவளோடு மட்டுமே ஒப்பிடும் ஆய்வுமுறைக்கு இங்கே தனி இடம் உண்டு. ஒற்றை நபர் சோதனை ஆய்வு என்பது இதுதான். ஒரு குழந்தையின் கதையை உருக்கமாக எழுதிவைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயிற்சி எப்போது தொடங்கும் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே தன் கையில் வைத்திருக்கிறார் என்பதால்தான் இதற்குச் சோதனை என்று பெயர்.

பயிற்சிக்கு முன் சில வாரம் அளந்து, பயிற்சி கொடுத்து, பின் சில வாரம் அளப்பது எல்லோருக்கும் தோன்றுகிற வழி. இது போதாது. பயிற்சி தொடங்கிய அதே வாரத்தில் வகுப்பில் ஒரு புதுத் தோழி வந்து சேர்ந்திருக்கலாம், கண்டிப்பான மிஸ் மாறுதலாகிப் போயிருக்கலாம். ஒரே ஒரு திருப்பத்தை வைத்துக்கொண்டு எது காரணம் என்று பிரிக்க முடியாது. ஒற்றை நபர் ஆய்வுகளுக்கு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தரவிதிகள், வெவ்வேறு மூன்று காலப்புள்ளிகளில் பலன் தெரிய வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

மூன்று முறை காட்டுவதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. பயிற்சியைக் கொடுப்பது, நிறுத்துவது, மறுபடி கொடுப்பது. கொடுக்கும்போது ஏறி, நிறுத்தும்போது இறங்கினால் பயிற்சிதான் காரணம். வகுப்பில் எழுந்து ஓடுகிற பழக்கம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். இங்கே அறவே பொருந்தாது என்பது என் கருத்து. பயத்தைத் தாண்டிப் பேசப் பழகிய குழந்தை, பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் பேசிக்கொண்டே இருப்பாள். வரைபடத்தில் கோடு இறங்காது, ஆய்வு எதையும் நிரூபிக்காது. ஒருவேளை கோடு இறங்கினால், நாம் ஒரு குழந்தையை வேண்டுமென்றே மறுபடி மௌனத்துக்குள் தள்ளியிருக்கிறோம். எந்தப் பெற்றோரிடமும் இதற்குச் சம்மதம் கேட்கக் கூடாது.

ஆகவே எதையும் நிறுத்தாமல், தொடங்கும் நாளை மட்டும் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். மூன்று வயலுக்கு வெவ்வேறு நாளில் மடை திறப்பதைப் போன்றது இது. மடை திறந்த வயல் மட்டும் நனைந்து, திறக்காத இரண்டும் காய்ந்தே கிடந்தால் தண்ணீர் மடையிலிருந்துதான் வந்தது. மூன்றும் ஒரே நாளில் நனைந்தால் மழை பெய்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'மல்ட்டிபிள் பேஸ்லைன்' என்று சொல்லப்படும் வடிவமைப்பின் தர்க்கம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. 

இனி ஒரு குழந்தையை வைத்து வடிவமைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் கட்டிய உதாரணம் இது. எண்களும் அப்படியே. குழந்தைக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆறு வயது, ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, எல்.கே.ஜி. முதல் பள்ளியில் பேசியதில்லை. காது கேட்கும் திறனும் மொழி வளர்ச்சியும் சரியாக இருப்பதை முதலில் பரிசோதித்தாயிற்று. ஆங்கிலம் தெரியாததால் பேசாமல் இருக்கிறாளா என்ற ஐயத்துக்கு இடமே வைக்கக் கூடாது என்பதால், ஆய்வில் அவளோடு நடக்கும் பேச்செல்லாம் வீட்டில் அவள் பேசுகிற தமிழில்.

மூன்று வயல்கள் வேண்டும். கயல் பேசாத மூன்று சூழல்களைத் தேர்ந்தெடுக்கிறோம்: காலி வகுப்பறையில் வகுப்பாசிரியை, மதிய இடைவேளையில் இரண்டு வகுப்புத் தோழிகள், மாலையில் டியூஷன் மிஸ். இந்தத் தேர்வில்தான் கை நடுங்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தால், ஒன்றில் பேசத் தொடங்கியதும் மற்றதிலும் தானாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். வகுப்பாசிரியையும் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் என்று எடுத்தால் அந்த ஆபத்து உண்டு. முற்றிலும் வேறாக இருந்தாலோ ஒரே பயிற்சி மூன்றுக்கும் பொருந்தாது. இடமும் ஆட்களும் வேறாக, பயத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எது எவ்வளவு பயம் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு முன்பே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, எதை அளப்பது? 'எத்தனை வார்த்தை பேசினாள்' என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். பயிற்சி தொடங்கியதும் ஆசிரியைக்கு உற்சாகம் கூடி அதிகக் கேள்வி கேட்பார், கேள்வி கூடினால் வார்த்தையும் கூடும். ஆகவே வாய்ப்புகளின் எண்ணிக்கையை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாற்றக் கூடாது. பத்து நிமிட விளையாட்டு, அதில் பத்தே பத்து கேள்விகள். ஒவ்வொன்றும் "சிவப்பா, நீலமா?" என்பது போல இரண்டில் ஒன்றைச் சொல்கிற கேள்வி. "வேணுமா?" என்று கேட்டால் தலையாட்டிவிடலாம் என்பதால் அப்படிக் கேட்பதில்லை. பத்தில் எத்தனைக்குக் குரலில் பதில் வந்தது என்பதுதான் அன்றைய மதிப்பெண்.

குரல் என்றால் எது? ஒலிப்பதிவை மட்டும் கேட்கிற ஒருவர், அந்தச் சொல் என்ன என்று திருப்பிச் சொல்ல முடிந்தால் அது குரல். கிசுகிசுப்பையும் உதட்டசைவையும் ஆசிரியை தாளில் தனியாகக் குறிக்கிறார், மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. அவளுக்கு அவை பெரிய முன்னேற்றமாக இருக்கலாம், அதை மறைக்கவும் கூடாது. அவள் விரலால் சுட்டிக் காட்டினால் அதையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு விளையாட்டு நகர்கிறது. பேச முடியாத குழந்தையிடம் வாரக்கணக்கில் கேள்வி கேட்டு, ஒவ்வொரு முறையும் தோற்றுப்போனதாக அவளை உணரவைத்தால், அளவெடுப்பதே நோயை வளர்த்துவிடும்.

இந்த அளவெடுப்பு நடக்கும்போது அம்மா அங்கே இருக்கக் கூடாது. பயிற்சி வேறு, அளவு வேறு. பயிற்சியில் அம்மா பக்கத்தில் இருப்பார், அவரிடம் அவள் பேசத்தான் செய்வாள். அதை எண்ணிவிட்டு 'பேசிவிட்டாள்' என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று சூழலிலும், அம்மா இல்லாமல், ஒரே முறையில் அளக்கிறோம்.

ஒலிப்பதிவுகளில் ஒரு பகுதியை இரண்டாவது ஆள் ஒருவர் தனியே கேட்டு எண்ண வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுகளாவது இப்படி இருவரால் எண்ணப்பட்டு, குறைந்தது 80 சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பது வழக்கம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கயல் பேசவே பேசாத வாரங்களில் இருவரும் பூஜ்ஜியம் போடுவார்கள், 100 சதவீதம் ஒத்துப்போகும். அதற்கு எந்த மதிப்பும் இல்லை. அவள் பாதி பேசி பாதி பேசாத வாரங்களில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பதிவுகளில் தேதியை அழித்துவிட்டு, வரிசையைக் கலைத்துக் கொடுத்தால், எது பயிற்சிக்கு முன், எது பின் என்று கேட்பவருக்குத் தெரியாது. எதிர்பார்ப்பு காதுக்குள் புகுந்துகொள்ளாமல் இருக்க இதுவே வழி.

இனி மடை திறக்கும் நாட்கள். பயிற்சி தொடங்கிய மறுநாளே குழந்தை பேசிவிட மாட்டாள். இரண்டு வாரம் போல ஆகும் என்று எதிர்பார்த்தால், அடுத்த சூழலைத் தொடங்க மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முதல் கோடு ஏறுவதற்குள் இரண்டாவது மடையும் திறந்துவிடும், எதனால் எது ஏறியது என்று பிரிக்க முடியாது. அதனால் முதல் சூழலுக்கு 4, 5, 6-ஆம் வாரங்களில் ஒன்று, இரண்டாவதற்கு 9, 10, 11-இல் ஒன்று, மூன்றாவதற்கு 14, 15, 16-இல் ஒன்று என்று வைத்துக்கொண்டு சீட்டுக் குலுக்குகிறோம். எந்தச் சூழல் முதலில் என்பதற்கும் சீட்டுதான். காலாண்டு விடுமுறை வாரங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரத்தில் புதிதாக எந்தச் சூழலையும் தொடங்கவும் கூடாது. அப்போது மாற்றம் வந்தால் அது விடுமுறையால் வந்ததா என்ற கேள்வி ஒட்டிக்கொள்ளும்.

சீட்டுக்கு ஒரு கணக்குப் பலன் உண்டு. மூன்று சூழல்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரத் தேர்வு என்பதால் 27 விதம். ஆறையும் இருபத்தேழையும் பெருக்கினால் 162. குழந்தையின் பேச்சு தானாக வளர்ந்திருந்தால், இந்த 162-இல் எந்தத் திட்டத்தோடும் அது பொருந்தியிருக்கலாம். நமக்கு விழுந்த ஒரே ஒரு திட்டத்தோடுதான் மிக நன்றாகப் பொருந்துகிறது என்றால், அது தற்செயலாக நடந்திருக்க 162-இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆய்வுலகம் வழக்கமாகக் கேட்பது இருபதில் ஒன்று. வரிசைக்கு மட்டும் சீட்டுப் போட்டிருந்தால் ஆறில் ஒன்றோடு நின்றிருக்கும்.

நமக்கு விழுந்த சீட்டு: வகுப்பாசிரியை 4-ஆம் வாரம், தோழிகள் 10-ஆம் வாரம், டியூஷன் மிஸ் 14-ஆம் வாரம். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு சூழலைக் காக்கவைக்கிறோமே, இது நியாயமா என்று கேட்கலாம். வழக்கமான சிகிச்சையிலும் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தொடங்குவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் போகிறார்கள். காத்திருக்கும் சூழலில் அவளாகவே பேச வந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. பெற்றோருக்கு இதை முன்பே விளக்கி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி இப்படி நடக்கிறது. பள்ளி விட்டபின் காலி வகுப்பறையில் கயலும் அம்மாவும் மட்டும். ஸ்னேக் அண்ட் லேடர் பலகை விரித்திருக்கிறது. அவள் வீட்டுக் குரலில் பேசத் தொடங்கும்வரை யாரும் வருவதில்லை. பிறகு ஆசிரியை வராந்தாவில் நடக்கிறார். கயல் ஒரு கணம் நிறுத்துகிறாள், ஆசிரியை இந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவள் மறுபடி "ஏணி!" என்கிறாள். அடுத்து ஆசிரியை வாசலுக்கு வருகிறார். அடுத்து உள்ளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு திருத்துகிறார். அவள் குரல் இறங்கினால் ஒரு படி பின்னால் போகிறார், நிலைத்தால் ஒரு படி முன்னால். மேசைக்கு வந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல், அவள் செய்வதையே சொல்கிறார்: "கயல் அஞ்சு கட்டம் போறா." அது பழகியபின் இரண்டில் ஒன்றைக் கேட்கிறார், கேட்டுவிட்டு ஐந்து விநாடி பொறுக்கிறார். அம்மா வாயைத் திறக்கக் கூடாது. பதில் வந்தால் "நீலம்னு சொன்னியே, எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று அமைதியாகப் பாராட்டுகிறார். கைதட்டல் கூடாது, கூட்டத்தைக் கூப்பிட்டுக் காட்டுவது அறவே கூடாது. பிறகு அம்மா மெல்ல மெல்ல விலகி வாசலுக்குப் போகிறார்.

சொன்னபடி நடந்ததா என்பதற்கும் பதிவு வேண்டும். அந்த ஐந்து விநாடி உண்மையிலேயே பொறுத்தார்களா, அம்மா குறுக்கே பதில் சொன்னாரா என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். என் பார்வையில், பயிற்சி தோற்றதாகச் சொல்லப்படும் பல இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தாளைத்தான். எதிர்த்திசையிலும் கசிவு நடக்கும். வகுப்பாசிரியை செய்வதைக் கேள்விப்பட்ட டியூஷன் மிஸ், நல்லெண்ணத்தில், தன் வாரம் வருமுன்பே அதையே செய்து பார்ப்பார். அவரிடம் முன்பே பேசிவைக்க வேண்டும். குழந்தை மாத்திரை எடுத்துக்கொள்வதாக இருந்தால், ஆய்வு முடியும்வரை அளவை மாற்றாமல் இருக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றி, அந்தத் தேதியை வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

கயலின் எண்களுக்கு வருவோம். ஆசிரியையுடன் முதல் மூன்று வாரம் ஆறு அளவுகள், ஆறும் பூஜ்ஜியம். பயிற்சி தொடங்கியபின் ஐந்து வாரத்தில் பத்து அளவுகள்: 0, 0, 1, 2, 4, 5, 5, 7, 8, 8. இதே வாரங்களில் தோழிகளிடம் ஒரே ஒரு நாள் ஒரு சொல், மற்ற நாளெல்லாம் பூஜ்ஜியம். டியூஷனில் முழுவதும் பூஜ்ஜியம். 10-ஆம் வாரம் தோழிகளின் கோடு, 14-ஆம் வாரம் டியூஷனின் கோடு, ஒவ்வொன்றும் தன் தன் மடை திறந்து ஓரிரு வாரத்தில் ஏறுகிறது. மூன்று வரைபடங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் படிக்கட்டு போலத் தெரியும். பாட்டியின் வசம்பும் வயசும் இப்படி மூன்று வெவ்வேறு தேதிகளில் வேலை செய்திருக்க முடியாது.

இந்த மாற்றத்தை ஒற்றை எண்ணாகவும் சொல்லலாம். முன்னர் எடுத்த ஒவ்வோர் அளவையும் பின்னர் எடுத்த ஒவ்வோர் அளவோடும் ஜோடி சேர்க்கிறார்கள். ஆறும் பத்தும் பெருகி 60 ஜோடி. அதில் 48 ஜோடிகளில் பின்னது பெரிது, 12-இல் இரண்டும் பூஜ்ஜியம். சமமானவற்றைப் பாதியாக எடுத்தால் 54, அதை 60-ஆல் வகுத்தால் 0.90. ஆய்வுக் கட்டுரைகளில் 'நாப்' என்ற பெயரில் வருவது இதுதான். இதை மட்டும் நம்பினால் மோசம் போவோம். வேறொரு குழந்தை முன்னால் எல்லாம் பூஜ்ஜியம், பின்னால் பத்து முறையும் ஒரே ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இந்த எண் முழுசாக 1.00 வரும். பத்துக்கு எட்டு பேசுகிற கயலைவிட, பத்துக்கு ஒன்று பேசுகிற குழந்தை முந்திவிடுகிறாள். தொடக்கம் பூஜ்ஜியமாக இருக்கும் இந்தப் பிரச்சினையில், இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை என்று மட்டுமே அந்த எண் சொல்கிறது. எவ்வளவு பேசுகிறாள் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே மூல எண்களை அச்சிடாத அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

எண்கள் இவ்வளவு அழகாக வராத நாளும் உண்டு. 7-ஆம் வாரத்திலேயே, மடை திறக்காத தோழிகளின் கோடும் ஏறத் தொடங்கினால் என்ன செய்வது? மூன்றும் சேர்ந்து ஏறினால் வெளியிலிருந்து ஏதோ வந்திருக்கிறது. தோழிகளின் கோடு மட்டும் ஏறி டியூஷன் அப்படியே கிடந்தால், பள்ளிக்குள் பயிற்சியின் பலன் பரவியிருக்கலாம். குழந்தைக்கு அது நல்ல செய்தி. ஆய்வுக்கோ, மூன்று நிரூபணத்தில் ஒன்று போயிற்று. அதை அப்படியே எழுத வேண்டும். தேதியை மாற்றிப் போட்டு வரைபடத்தைச் சீராக்கக் கூடாது. இப்படிப் பரவல் நடக்கும் என்று முதலிலேயே தோன்றினால், ஒரே குழந்தையின் மூன்று சூழலுக்குப் பதிலாக மூன்று குழந்தைகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தொடக்க வாரத்தைச் சீட்டுப் போட்டு வைப்பது நல்லது.

எல்லாம் சரியாக வந்தாலும், கயலின் ஆய்வு கயலைப் பற்றித்தான் பேசுகிறது. அடுத்த தெருவில் பேசாமல் இருக்கும் பையனுக்கும் இது பலிக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்கக் கல்வித் துறையின் தரவிதிகளை வகுத்தவர்கள் அதற்கும் ஓர் அளவு வைத்தார்கள்: இதே போன்ற ஐந்து ஆய்வுகளாவது, மூன்று வெவ்வேறு இடங்களில், மூன்று வெவ்வேறு ஆய்வுக்குழுக்களால், மொத்தம் 20 பேரிடமாவது நடந்திருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிற உளவியலாளர்களும் சிறப்பாசிரியர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அடுத்த குழந்தைக்குப் பயிற்சியைத் தொடங்குமுன், மூன்று வாரம் பொறுத்து அளந்து, ஒரு சீட்டுக் குலுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.